கட்டையை உருவும் முன்

2013 ஜூன் 5, காலை பத்தே முக்கால் மணி இருக்கும். அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில், மார்க்கெட் தெருவில் இடிபட்டுக்கொண்டிருந்த நான்கு தளச் செங்கல் கட்டடத்தின் சுவர், பக்கத்திலிருந்த ஒற்றைத் தளக் கடையின் கூரைமேல் விழுந்தது. சால்வேஷன் ஆர்மி நடத்திவந்த பழைய பொருள் விற்பனைக் கடை அது. உள்ளே வியாபாரம் நடந்துகொண்டிருந்தது. ஆறு பேர் அன்றே இறந்தார்கள். ஏழாமவர் மூன்று வாரம் கழித்து இறந்தார். இடிப்பு ஒப்பந்தக்காரருக்கு 15 முதல் 30 ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

சுவர் ஏன் விழுந்தது என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. தளங்களைத் தாங்கிய மரக்கட்டைகளை உள்ளேயிருந்து முதலில் எடுத்துவிட்டார்கள். பழைய கட்டைக்கு விலை உண்டு. கட்டை போனபின் சுவரைப் பிடித்து நிறுத்த ஒன்றும் இல்லை. பல தள உயரத்துக்கு வெறும் செங்கல் நின்றது. ஒரு தளத்துக்கு மேல் உயரமுள்ள சுவரைப் பக்கவாட்டுத் தாங்கல் இல்லாமல் தனியே நிற்கவிடக் கூடாது என்று அந்த நாட்டுத் தொழிலாளர் பாதுகாப்பு விதி எழுத்திலேயே சொல்கிறது. விதி இருந்தது. எந்த வரிசையில் எதை எடுப்பது என்பதை மட்டும் கட்டையின் விலை தீர்மானித்தது.

நம் ஊரிலும் பழைய வீடு இடிக்கும் கணக்கு இதேதான். திருவல்லிக்கேணியிலோ மயிலாப்பூரிலோ எண்பது, நூறு வருஷத்து மச்சு வீட்டை இடிக்கக் கொடுக்கிறவர்கள் பல சமயம் கூலி கொடுப்பதில்லை. இடிக்கிறவர்தான் வீட்டுக்காரருக்குப் பணம் தருகிறார். தேக்கு, கதவு, ஜன்னல், இரும்பு, நல்ல செங்கல் என்று வெளியே போகும் சரக்கில் அவர் அதை எடுத்துக்கொள்கிறார். அதில் தப்பில்லை. ஆனால் போட்ட பணத்தைச் சீக்கிரம் எடுக்க நினைக்கிறவர் முதலில் கைவைப்பது தேக்கில். “கட்டையை மொதல்ல எறக்கிட்டா, சுவரு தானா வந்துடும் சார்” என்பார் மேஸ்திரி. அவர் சொல்வது உண்மை. தானாக வரும் சுவர் எந்தப் பக்கம் வரும் என்பதுதான் கேள்வி.

அந்தக் கேள்விக்குப் பதில் எழுதும் தாளைப் பொறியாளர்கள் மெத்தட் ஸ்டேட்மென்ட் என்கிறார்கள். இடிப்பு முறையை முன்கூட்டி எழுதிக் கையெழுத்திடும் ஆவணம். பெரிய கம்பெனிகளில் இது ஐம்பது பக்கத்துக்கு வரும். அதில் நாற்பது பக்கம் தலைக்கவசம், கையுறை, முதலுதவிப் பெட்டி. அவையெல்லாம் வேண்டியவைதான். ஆனால் சின்ன வீட்டுக்கு வேண்டிய உயிரான பகுதி நாலைந்து பக்கத்தில் அடங்கிவிடும். எது எதைத் தாங்குகிறது, எதை எடுத்தால் எது தாங்கல் இழக்கும், அதற்கு முன் அங்கே என்ன முட்டுக் கொடுப்பது என்பதே அது. அதை ஒரு வீட்டை வைத்தே பார்க்கலாம். கீழே வரும் வீடு, சென்னையின் பழைய தெருக்களில் சாதாரணமாகக் காணக்கூடிய ஒன்றைக் காகிதத்தில் வரைந்துகொண்டது.

முகப்பு 14 அடி, ஆழம் 40 அடி. தரைத் தளமும் ஒரு மாடியும். ஒவ்வொரு தளமும் 11 அடி உயரம், மேலே மூன்றடிக் கைப்பிடிச்சுவர். ஆக 25 அடி. வடக்கே சந்து. தெற்கே பக்கத்து வீடு. அதில் ஒரு குடும்பம் குடியிருக்கிறது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரே சுவர், ஒன்றரைக் கல் கனம், அதாவது பதின்மூன்றரை அங்குலம். சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது. முன்னிருந்து பின்வரை சுமார் பத்தடிக்கு ஒன்றாக ஐந்து குறுக்குச்சுவர்கள். கூரையும் மாடித் தளமும் மெட்ராஸ் டெரஸ். ஒன்றரை அடிக்கு ஒன்றாகத் தேக்குக் கட்டைகள் சந்துச் சுவரிலிருந்து பொதுச்சுவருக்குப் போகின்றன. கட்டைகளின் மேல் மெல்லிய செங்கல்லைக் குத்துவாட்டில், மூலைவாட்டாக அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி அடித்து, மேலே தட்டோடு பதித்த தளம்.

இந்தத் தளம் பார்வைக்குச் சாது, எடையில் முரடு. சதுர அடிக்கு முப்பது கிலோவுக்கு மேல் வரும். ஒரு தேக்குக் கட்டை தன் பங்குக்குச் சுமார் 18 சதுர அடியைத் தாங்குகிறது. ஏறக்குறைய 600 கிலோ. கீழே நின்று ஒரு கட்டையை அறுக்கிற ஆள் அறுப்பது அந்த 600 கிலோவின் காலை. அடித்து இறுகிய சுண்ணாம்புத் தளத்துக்கு இன்னொரு கெட்ட குணமும் உண்டு. கட்டை போனாலும் உடனே விழாது. பலகைபோல் சற்று நேரம் தொங்கி, ஆள் தைரியமாக அடியில் போனபின் மொத்தமாக இறங்கும்.

முதல் வேலை, பொதுச்சுவரைத் தெரிந்துகொள்வது. பத்திரத்தில் ‘பொதுச்சுவர்’ என்றோ ‘தென்புறச் சுவர் பாத்தியம் உண்டு’ என்றோ ஒரு வரி இருக்கும். அதோடு நிறுத்தாமல் சுவரையே கேட்க வேண்டும். இரு வீட்டு மாடியிலும் ஏறிக் கைப்பிடிச்சுவர் ஒன்றா இரண்டா என்று பார்ப்பது, வாசல் நிலை வழியாகக் கனத்தை அளப்பது, பிறகு நம் பக்கம் இரண்டு மூன்று இடத்தில் பூச்சை மட்டும் உளியால் மெதுவாக எடுத்துக் கட்டை சுவருக்குள் எவ்வளவு தூரம் போகிறது என்று பார்ப்பது. அனேகமாக அங்கே ஒரு காட்சி காத்திருக்கும். நம் கட்டை ஏழெட்டு அங்குலம் உள்ளே போயிருக்கும். பக்கத்து வீட்டுக் கட்டையும் அந்தப் பக்கத்திலிருந்து அதே அளவு வந்திருக்கும். பதின்மூன்றரை அங்குலத்தில் இரண்டும் நேருக்கு நேர் கொள்ளாது என்பதால் தச்சர் பக்கம் பக்கமாகத் தள்ளி வைத்திருப்பார். சில வீடுகளில் இரண்டு பக்கக் கட்டைகளும் சுவருக்குள் கிடக்கும் ஒரே பலகைமேல் உட்கார்ந்திருக்கும். நம் கட்டையைக் கடப்பாரை போட்டு நெம்பினால் அந்தப் பலகை அசையும். பலகை அசைந்தால் பக்கத்து வீட்டுக் கூரை அசையும்.

பக்கத்து வீட்டுக் கட்டைகள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்பது இதைவிட முக்கியம். அவையும் பொதுச்சுவரில் வந்து உட்கார்ந்தால், நம் பக்கம் எல்லாம் போனபிறகும் அவை சுவரை ஓரளவு பிடித்துக்கொண்டிருக்கும். சுவருக்கு இணையாக ஓடினால் பிடிப்பு இல்லை. நாளைக்கு 25 அடிச் சுவர் தன் காலில் தனியே நிற்க வேண்டியிருக்கும். இதைத் தெரிந்துகொள்ளப் பக்கத்து வீட்டுக்குள் போய் அண்ணாந்து பார்த்தால் போதும். போய்ப் பார்க்காமலே எழுதிய தாள்கள்தான் அதிகம்.

உள்ளே போனால் பார்க்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. பழைய வீட்டுச் சுவர்களில் மாடக்குழியும் சுவர் அலமாரியும் இருக்கும். பதின்மூன்றரை அங்குலச் சுவரில் ஒன்பது அங்குல ஆழத்துக்கு அலமாரி குடைந்தால் மிச்சம் அரைக் கல், நாலரை அங்குலம். நம் பக்கம் அந்த இடத்தில் சம்மட்டி விழுந்தால் செங்கல் அவர்கள் பாத்திரத்தின் மேல் போய் விழும். பூஜை அலமாரி எங்கே, பரண் எங்கே, எந்தக் கட்டில் சுவரை ஒட்டிக் கிடக்கிறது என்பதையெல்லாம் ஒரு வரைபடத்தில் குறித்து, அதைப் புரட்டி நம் பக்கச் சுவரில் சாக்பீஸால் கட்டம் போட்டுவிட வேண்டும். கட்டத்துக்குள் சுத்தியல் கூடாது என்று மேஸ்திரிக்குச் சொல்ல இதைவிடத் தெளிவான வழி எனக்குத் தெரியவில்லை.

அதே நாளில், வீட்டுக்காரர்களை உடன் வைத்துக்கொண்டு, இருக்கிற விரிசல்களை எல்லாம் படமெடுத்து, அகலம் அளந்து, இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். பலர் இதை வழக்குக்கான சாட்சி என்று மட்டும் நினைக்கிறார்கள். சாட்சிதான், ஆனால் அதன் பெரிய பயன் வேலை நடக்கும்போது தெரியும். பழைய விரிசலின் ஓரத்தில் அழுக்கும் வெள்ளையடித்த சுண்ணாம்பும் இருக்கும். புது விரிசலின் ஓரம் பளிச்சென்று, செங்கல் நிறத்தில் இருக்கும். முன்பு அளக்காத வீட்டில் பழைய விரிசல் பெரிதாகிறதா என்று யாராலும் சொல்ல முடியாது. விரிசலின் குறுக்கே கண்ணாடித் துண்டை ஒட்டி வைப்பது நம் பழைய பழக்கம். அசைவு வந்தால் கண்ணாடி உடையும். எவ்வளவு அசைந்தது, எந்தப் பக்கம் அசைந்தது என்று சொல்லாது. விரிசலின் இரு பக்கமும் சிறிய ஆணி ஒன்று பதித்து, இடைவெளியை வெர்னியர் காலிபரால் அளப்பது மேல். தினமும் ஒரே நேரத்தில், விடியற்காலையில் அளக்க வேண்டும். வெயிலில் சுவர் விரிவதால் மதியத்து அளவு வேறாக வரும். அதை வைத்துப் பயப்படவும் கூடாது, தைரியப்படவும் கூடாது. இடிப்பு தொடங்கும் முன்பே இரண்டு வாரம் அளந்து வைத்தால், அந்தச் சுவர் சும்மா இருக்கும்போது எவ்வளவு ஆடும் என்பது தெரிந்துவிடும்.

இந்த வீட்டுக்கு நான் எழுதும் தாளில் வரம்பு இப்படி இருக்கும்: வழக்கமான ஆட்டத்துக்கு மேல் ஒரு மில்லிமீட்டர் கூடினால் பொறியாளரைக் கூப்பிட வேண்டும், அவர் பார்க்கும்வரை பொதுச்சுவர்ப் பக்கம் வேலை கிடையாது. இரண்டு மில்லிமீட்டர் கூடினால் வேலை முழுவதும் நிற்கும், அந்தச் சுவரை ஒட்டிய அறைகளிலிருந்து குடும்பம் வெளியே வரும். எண் வீட்டுக்கு வீடு மாறலாம். வேலை தொடங்கும் முன்பே அது எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பதுதான் விஷயம். பாதி வேலையில், லாரி வாசலில் காத்திருக்கும்போது, எந்த அசைவும் சின்ன அசைவாகத்தான் தோன்றும்.

மின்சாரம், குடிநீர், கழிவுநீர் இணைப்புகளை முறைப்படி துண்டிப்பது எல்லாருக்கும் தெரிந்ததே. ஒட்டு வீட்டில் கூடுதலாகப் பார்க்க வேண்டியது, பக்கத்து வீட்டின் மின்கம்பியோ மாடித் தண்ணீர்க் குழாயோ நம் சுவர்மேல் போகிறதா என்பது. மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருந்தால் நனைத்து, உடைக்காமல் முழுசாக இறக்க வேண்டும். பின்கட்டில் மூடிய கிணறு இருந்தால் அதன்மேல் லாரி ஏறக் கூடாது. இவற்றை இத்தோடு விட்டுவிட்டு வரிசைக்கு வருகிறேன்.

கட்டடம் இடிப்பதற்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 4130. அதன் சாரம், மேலிருந்து கீழே, தளம் தளமாக. கேட்க எளிது. ஆனால் சரக்கு விலை சொல்லும் வரிசை வேறு: கதவு, ஜன்னல், மேல் கட்டை, கீழ்க் கட்டை எல்லாவற்றையும் முதல் வாரத்திலேயே எடுத்துவிட்டு, வெறும் சுவர்களைக் கடைசியில் தள்ளிவிடுவது. நம் வீட்டில் அதைச் செய்தால் என்ன ஆகும்? பொதுச்சுவரை நம் பக்கம் 11 அடியிலும் 22 அடியிலும் பிடித்திருந்த இரண்டு பிடிகளும் ஒரே வாரத்தில் போய்விடும். அந்தப் பக்கத்துக் கூரை மட்டும் சுவரின் ஒரு பாதியில் உட்கார்ந்து அழுத்திக்கொண்டிருக்கும். இத்தனை வருஷம் இரு பக்கமும் சமமாக ஏற்றிய பாரம் ஒருபக்கமாகிவிட, சுவர் நம் காலி மனைப் பக்கம் வயிறு தள்ளத் தொடங்கும். அதனால் தாளின் முதல் விதி, கீழ்த் தளத்துக் கட்டை ஒன்றைக்கூட மேல் தளத்துச் சுவர்கள் இறங்கும்வரை தொடக் கூடாது. கதவு, ஜன்னலில் பலகைகளைக் கழற்றிக்கொள்ளலாம். நிலையும் சட்டமும் அந்தச் சுவர் இறங்கும் நாள்வரை இருக்க வேண்டும். பழைய வீட்டில் வாசலுக்கு மேலிருக்கும் செங்கல்லை எத்தனை இடத்தில் அந்த மர நிலையே தாங்குகிறது என்பதை, நிலையை உருவிய பிறகுதான் பலர் கண்டுபிடிக்கிறார்கள்.

கூரையைத் தொடும் முன் முட்டுக் கொடுக்க வேண்டும். குறுக்குச்சுவர்களுக்கு நடுநடுவே, பத்தடிக்கு ஒன்றாக, பொதுச்சுவரை நம் பக்கத்திலிருந்து தாங்கும் சாய்முட்டுகள். அவை மாடித் தளத்தின் மேல் நிற்க முடியாது. அந்தத் தளமே போகப்போகிறது. இரண்டு கட்டைகளுக்கு நடுவே தளத்தில் ஓர் ஓட்டை போட்டு, முட்டு தரைத் தளத்து மண்ணிலிருந்து நேரே மேலே போக வேண்டும். தரையோடு 65 பாகை சாய்வு என்றால், 20 அடி உயரத்தைத் தாங்கும் முட்டின் கால் சுவரிலிருந்து ஒன்பது அடி தள்ளி வரும். நம் 14 அடி வீட்டுக்குள் அது அடங்கும். தலை எங்கே முட்ட வேண்டும் என்பதை ஊகித்துவிடக் கூடாது. பக்கத்து வீட்டுக் கூரையோ மாடித் தளமோ சுவரில் உட்காரும் மட்டத்தில்தான் முட்ட வேண்டும். இரண்டு தளத்துக்கும் நடுவில், அந்தப் பக்கம் வெறும் அறையாக இருக்கும் உயரத்தில் முட்டினால், முட்டே சுவரை அறைக்குள் தள்ளும். சுவர் முழுக்க ஒரு கனமான பலகை, அதன்மேல் முட்டின் தலை, காலுக்கடியில் அகலமான இன்னொரு பலகை. காலில் ஆப்பைச் செருகி, இறுகும்வரை தட்டினால் போதும். ஓங்கி அடிக்கக் கூடாது. நம் வேலை சுவரைப் பிடிப்பது, தள்ளுவது அல்ல. சாரம் கட்டும் சவுக்குக் கழிகளையே முட்டாகவும் வைத்துவிடும் வழக்கம் உண்டு. இருபதடி நீளச் சவுக்கு பாரம் வந்தால் நடுவில் வளைந்துவிடும். இரும்புக் குழாய்களையோ கனமான மரத்தையோ கணக்குப் போட்டு வைப்பது பொறியாளர் வேலை.

முட்டு நின்றபின் கைப்பிடிச்சுவர். கல் கல்லாக, உள்பக்கமாக. பிறகு தட்டோடு, ஜல்லி, செங்கல். இரண்டு கட்டைகளுக்கு இடைப்பட்ட ஒவ்வொரு பட்டையாக, பின்பக்கத்திலிருந்து தொடங்கி. ஆட்கள் தளத்தின்மேல் நிற்காமல், நாலைந்து கட்டைகளின் குறுக்கே போட்ட பலகைமேல் நிற்க வேண்டும். உடைத்ததைப் பாண்டில் அள்ளி அப்போதைக்கப்போது சந்துப் பக்கத்துச் சரிவுக்குழாய் வழியாக இறக்க வேண்டும். இங்கேதான் பெரும்பாலான விபத்துகளுக்கு விதை போடப்படுகிறது. லாரி வரவில்லை என்று ரப்பீஸை மாடித் தளத்திலேயே குவித்து வைப்பார்கள். உடைந்த செங்கல் இரண்டடி உயரத்துக்குக் குவிந்தால் சதுர மீட்டருக்கு 800 கிலோவைத் தாண்டும். வீட்டுத் தளம் தாங்க வேண்டியதாகக் கணக்கில் வைக்கும் ஆள், சாமான் பாரம் சதுர மீட்டருக்கு 200 கிலோதான்; அதுவும் கட்டை புதிதாக இருந்தபோது. சுவர் முனையில் நூறு வருஷம் ஈரம் குடித்த கட்டைக்கு அந்த நம்பிக்கையும் கிடையாது. அரையடிக்கு மேல் குவியல் கூடாது, பொதுச்சுவரில் சாய்த்து ஒரு கூடைகூடக் கொட்டக் கூடாது என்று எழுதிவிட வேண்டும். கொட்டிய குவியல் சுவரைப் பக்கவாட்டில் தள்ளும். பொதுச்சுவர் நீங்கலாக இந்த வீட்டிலிருந்து மொத்தம் 150 டன்னாவது வெளியே போகும் என்பது என் கணக்கு. ஒரு நாளைக்கு எத்தனை லாரி வருமோ அந்த அளவுக்குத்தான் அன்றைய இடிப்பு.

செங்கல் எல்லாம் இறங்கி வெறும் கட்டைகள் நிற்கும்போது, தகராறு வருகிற இடம் வந்துவிடும். கட்டையை எப்படி எடுப்பது? மேஸ்திரிக்கு முழு நீளம் வேண்டும். இரண்டு முனையும் சுவரிலிருந்து முழுசாக வெளியே வந்தால்தான் விலை. அதற்கு முனையைச் சுற்றிச் செங்கல்லை உடைத்து, கடப்பாரை போட்டு நெம்ப வேண்டும். சந்துச் சுவரில் அதைச் செய்யட்டும், அந்தச் சுவர் எப்படியும் போகப்போகிறது. பொதுச்சுவரில் கூடாது. அங்கே கட்டைக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, சுவரை ஒட்டி ரம்பத்தால் அறுத்துவிட வேண்டும். உள்ளே கிடக்கும் துண்டு அப்படியே இருக்கட்டும். கட்டைகள் இறங்கியபின், மூன்றுக்கு ஒன்றாக அந்தத் துண்டுகளைக் கழற்றி, குழியைச் செங்கல்லும் சாந்தும் கொண்டு இறுக அடைத்து, மேல் விளிம்பில் சில்லு செருகி, அது இறுகியபின் அடுத்த வரிசைக்குப் போக வேண்டும். பொதுப் பலகைமேல் உட்கார்ந்த துண்டாக இருந்தால் பொறியாளர் பார்க்காமல் தொடவே வேண்டாம். இதனால் ஒவ்வொரு கட்டையும் முக்கால் அடி குறைகிறது. வேலையும் சில நாள் கூடுகிறது. இந்த நஷ்டத்தை ஒப்பந்தம் பேசும்போதே மேஸ்திரியின் கணக்கில் கழித்துவிட வேண்டும். தாளில் ‘அறுத்து எடுக்கவும்’ என்று எழுதிவிட்டு, பேரத்தில் முழுக் கட்டைக்கும் பணம் வாங்கிக்கொண்டால், வீட்டுக்காரர் கண் மறைந்ததும் கடப்பாரைதான் பேசும். பாதுகாப்பு விதிகள் மீறப்படுவதற்குத் தொழிலாளியின் அலட்சியத்தைக் காரணமாகச் சொல்வது வழக்கம். நான் பார்த்தவரை இடிப்பில் முக்கால்வாசி மீறல் பேரம் பேசிய விதத்திலேயே எழுதப்பட்டுவிடுகிறது.

மேல் கட்டைகள் இறங்கியபின் மாடியின் சந்துச் சுவரும் குறுக்குச்சுவர்களும். சந்துச் சுவரை உள்பக்கமாக, வரிசை வரிசையாக. குறுக்குச்சுவர்களில் ஒரு நிதானம் வேண்டும். அவை பொதுச்சுவரோடு பல் விட்டுக் கட்டப்பட்டவை. செங்கல் ஒன்றுக்குள் ஒன்று போயிருக்கும். பொதுச்சுவர்வரை சுத்தமாக இடித்துவிட வேண்டும் என்று நினைக்கிறவர் அந்தப் பல்லைப் பிடுங்கும்போது பொதுச்சுவரையும் குலுக்குகிறார். அது மட்டுமல்ல, பொதுச்சுவருக்கு இருக்கும் இயற்கையான முட்டையும் பிடுங்கி எறிகிறார். குறுக்குச்சுவரைப் பொதுச்சுவரிலிருந்து மூன்றடி விட்டுவிட்டு, அந்த இடத்தில் மேலிருந்து கீழே மின்ரம்பத்தாலோ உளியாலோ ஒரு வெட்டுக் கொடுத்து, வெட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பதை மட்டும் இறக்க வேண்டும். மிஞ்சும் மூன்றடித் துண்டு, மேலே போகப்போக ஒன்றரை அடியாகப் படிபோல் குறைந்து, உதைசுவராக நிற்கும். இப்படிப் பத்தடிக்கு ஒன்றாக ஐந்து. காசு செலவில்லாமல் கிடைக்கும் இந்த முட்டுகளை மனை ‘கிளீனா’ தெரிய வேண்டும் என்பதற்காக இழக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கும்.

பிறகு மாடித் தளம், அதன் கட்டைகள், கீழ்ச் சுவர்கள், எல்லாம் அதே முறையில். ஜே.சி.பி.யோ உடைக்கும் இயந்திரமோ பொதுச்சுவரிலிருந்து மூன்றடித் துண்டுகளின் கோட்டைத் தாண்டி உள்ளே வரக் கூடாது. சந்துப் பக்கம் கைவேலையால் முழுசாகப் பிரித்துவிட்ட பகுதியில் மட்டும் இயந்திரம் வேலை செய்யலாம். இணைப்பு அறுபடாத சுவரை இயந்திரம் இழுத்தால் அந்த இழுப்பு பொதுச்சுவர்வரை போகும்.

பக்கத்து வீட்டில் குடியிருப்பவர்களுக்கு இதில் என்ன வேலை? மூன்று மாதம் வீட்டைக் காலி செய்யச் சொல்வது நடக்காது, தேவையும் இல்லை. ஆபத்து அதிகமான நேரங்களைத் தனியே பிரித்துச் சொன்னால் போதும். கூரைக் கட்டை அறுக்கும் நாட்கள், குறுக்குச்சுவர் வெட்டும் நாட்கள், முட்டுக் கழற்றும் நாள். முந்தின நாள் மாலை மேற்பார்வையாளர் நேரில் போய், “அம்மா, நாளைக்குக் காலைல எட்டுலேருந்து பன்னெண்டு வரைக்கும் இந்த ரெண்டு ரூம்லயும் யாரும் இருக்க வேணாம். பெரியவரை முன் ஹால்ல படுக்க வைங்க” என்று சொல்லிவிட்டு வர வேண்டும். பரண் சாமான் இறக்கி வைத்திருக்கிறார்களா என்றும் பார்த்துவிட்டு வரலாம். அவர்களிடமிருந்து வர வேண்டிய செய்தியும் உண்டு. கதவு திடீரென்று இடிக்கிறது, மேலிருந்து பொடி உதிர்கிறது, சுவருக்குள் ‘டிக்’ என்று சத்தம் வருகிறது என்பதை முதலில் அறிகிறவர்கள் அவர்கள்தான். அவர்கள் கூப்பிட ஒரே ஒரு தொலைபேசி எண், அந்த அழைப்பு வந்தால் வேலையை நிறுத்தும் அதிகாரமுள்ள ஒருவர். நிறுத்தியது வீண் என்று பின்னால் தெரிந்தாலும் அன்றைய கூலி ஆட்களுக்கு உண்டு என்றும் எழுத வேண்டும். அந்த ஒரு வரி இல்லாத தாளில் யாரும் நிறுத்தமாட்டார்கள்.

சட்டம் அவர்கள் பக்கமும் கொஞ்சம் இருக்கிறது. 1882ஆம் ஆண்டு இந்திய வசதியுரிமைச் சட்டத்தின்படி, ஒரு கட்டடம் பக்கத்து நிலத்தின் அல்லது கட்டடத்தின் தாங்கலை இருபது ஆண்டு தடையின்றி, சச்சரவின்றி அனுபவித்துவந்தால், அந்தத் தாங்கல் உரிமையாக முடியும். நூறு வருஷமாக ஒட்டி நிற்கும் வீட்டிடம் ‘என் சுவர், என் இஷ்டம்’ என்று சொல்வதற்கு முன் வழக்கறிஞர் ஒருவரைக் கேட்டுவிடுவது நல்லது.

இடிப்பு முடிந்த அன்று பொதுச்சுவர் முதன்முறையாக வெயிலையும் மழையையும் பார்க்கிறது. அது உள்சுவராகக் கட்டப்பட்டது. நடுவில் மண் சாந்து இருக்கலாம். நம் பக்கப் பூச்சு பாதி உதிர்ந்திருக்கும். சென்னையில் அக்டோபர் முதல் டிசம்பர்வரை வடகிழக்குப் பருவமழை. செப்டம்பரில் இடித்துவிட்டு, வரைபட அனுமதிக்கோ வங்கிக் கடனுக்கோ காத்திருந்தால், அந்த மழை முழுவதையும் இந்தச் சுவர் குடிக்கும். முடிந்தால் ஜனவரியில் தொடங்குவது; முடியாவிட்டால், கடைசி லாரி போன வாரத்திலேயே சுவரின் உச்சிக்குச் சரிவான மூடி, முகத்துக்குப் பூச்சு. பூச்சு வெறும் சிமென்ட்டாக இருக்க வேண்டாம். பழைய சுண்ணாம்புச் சுவரோடு அது ஒட்டாமல் பலகையாகக் கழன்று வரும், உள்ளே போன ஈரத்தை வெளியேயும் விடாது. சுண்ணாம்பு கலந்த மென்மையான சாந்துதான் சரி. தார்ப்பாய் கட்டிவிட்டோம் என்று சொல்வார்கள். காற்றில் அது எத்தனை நாள் நிற்கும் என்பது எல்லாருக்கும் தெரியும்.

கடைசியாக, அஸ்திவாரம். இடிப்புத் தாள் பொதுச்சுவரை ஒட்டித் தரைமட்டத்தோடு நின்றுவிட வேண்டும். அந்தச் சுவரின் அஸ்திவாரம் இரு வீட்டுக்கும் சேர்ந்தது. மூன்று நாலடி ஆழம்தான் போயிருக்கும். இடித்தவர் போனபின் புது வீடு கட்ட வருகிறவர் வேறு ஆள். அவருடைய தூண் குழிக்கு ஆறடி ஆழம் வேண்டும்; ஜே.சி.பி.யை வரவழைத்து நாற்பதடி நீளத்துக்கும் ஒரே நாளில் பள்ளம் எடுத்துவிடுவார். இத்தனை நாள் ஒரு மில்லிமீட்டருக்குப் பயந்து காப்பாற்றிய சுவர், அடிமண் சரிந்து ஒரே இரவில் இறங்க அது போதும். ஆகவே ஒப்படைப்புத் தாளில் இவை இருக்க வேண்டும்: பழைய அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் என்று சோதனைக் குழியில் பார்த்த அளவு, அதற்குக் கீழே தோண்டினால் நாலடி நீளத் துண்டுகளாக, ஒன்று விட்டு ஒன்றாக, ஒன்றை அடைத்து இறுகியபின் அடுத்ததைத் திறக்க வேண்டும் என்ற குறிப்பு, முட்டுகளும் உதைசுவர்களும் எங்கெங்கே இருக்கின்றன, புதுத் தூண்களும் தளமும் எந்த மட்டத்துக்கு வந்தபின் யார் சொல்லி அவற்றை எடுக்கலாம் என்ற வரி, காலையில் விரிசல் அளக்கும் வேலையை இனி யார் செய்வார் என்ற பெயர். புது ஒப்பந்தக்காரர் அதில் கையெழுத்திட்ட பிறகுதான் இடித்தவருக்குக் கடைசித் தவணை.